இரவில் மட்டும் சொட்டும் கூரைத் தொட்டி: மிதவை வால்வையும் ஓவர்ஃப்ளோ குழாயையும் சரிசெய்வது எப்படி?

கிள்ளான் பள்ளத்தாக்கின் தாமான் வீடுகளில் அடிக்கடி காணும் காட்சி இது. காலையில் கதவைத் திறந்தால் கார் நிறுத்துமிடத்தின் ஓரம் ஈரமாக இருக்கும். மேலே பார்த்தால், கூரை விளிம்பிலிருந்து நீட்டியிருக்கும் சிறிய வெள்ளைக் குழாயின் நுனியில் ஒரு துளி தொங்கும். பிளம்பர் மதியம் வந்து பார்க்கும்போது ஒரு சொட்டும் இருக்காது. “வால்வு நன்றாகத்தான் இருக்கிறது” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். மறுநாள் காலையில் மீண்டும் அதே ஈரம்.

பிளம்பர் சொன்னது பொய் இல்லை. வால்வு பகலில் மூடுகிறது. இரவில் வழிவதற்கான காரணம் தொட்டியில் இல்லை, தெருக் குழாயில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் பல வீடுகளில் மோட்டார் போட்டு மாடித் தொட்டியை நிரப்புவார்கள். இங்குள்ள தரை வீடுகளில் பொதுவாக மோட்டார் கிடையாது. மீட்டரைத் தாண்டி வரும் தண்ணீர் தெருக் குழாயின் அழுத்தத்திலேயே சீலிங்கிற்கு மேல் உள்ள தொட்டிக்கு ஏறுகிறது. குளியலறைக் குழாய்களுக்குத் தண்ணீர் அந்தத் தொட்டியிலிருந்து இறங்குகிறது. சமையலறைக் குழாய்க்கு மட்டும் பெரும்பாலும் நேரடி இணைப்பு இருக்கும். தொட்டி நிரம்பியதும் தண்ணீரை நிறுத்துவது ஒரு பந்து, ஒரு கை, ஒரு வாஷர், அவ்வளவுதான். தண்ணீர் ஏறும்போது பந்து மிதந்து கையைத் தூக்குகிறது. கையின் மறுமுனை, வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வாஷரைத் தண்ணீர் வரும் துளையின் மேல் அழுத்தி மூடுகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் இரவுச் சொட்டு புரிந்துவிடும். நாலரை அங்குலப் பந்து முழுவதும் மூழ்கினால் சுமார் 780 கிராம் எடையைத் தூக்கும். கையின் நீளம் அந்தத் தூக்கு விசையைப் பத்து மடங்காக்குகிறது என்று வைத்துக்கொண்டால், வாஷரின் மேல் விழக்கூடிய அதிகபட்ச அழுத்து விசை 7.8 கிலோ. வால்வின் துளை 9.5 மில்லிமீட்டர் என்றால் அதன் பரப்பு சுமார் 0.7 சதுர சென்டிமீட்டர். பகலில் அக்கம்பக்கத்தார் எல்லாரும் தண்ணீர் பயன்படுத்தும்போது அழுத்தம் 2 பார் என்று கொள்வோம். அதை எதிர்த்து மூட 1.4 கிலோ போதும். அதற்குப் பந்தின் ஐந்தில் ஒரு பங்குகூட மூழ்க வேண்டியதில்லை. நள்ளிரவில் யாரும் குழாயைத் திறப்பதில்லை, அழுத்தம் 4 பாருக்கு ஏறுகிறது. இப்போது 2.8 கிலோ வேண்டும். அந்த விசை கிடைக்கப் பந்து இன்னும் ஆழமாக மூழ்க வேண்டும், அதாவது தண்ணீர் இன்னும் உயர வேண்டும். இந்தப் பந்துக்கு அந்த உயர்வு சுமார் ஒன்றரை சென்டிமீட்டர்.

ஆக, மதியம் தண்ணீர் நிற்கும் மட்டத்திற்கும் ஓவர்ஃப்ளோ துளையின் கீழ் விளிம்பிற்கும் இடையே ஒரு சென்டிமீட்டர்தான் இடைவெளி என்றால், அந்தத் தொட்டி ஒவ்வோர் இரவும் வழியும். வாஷரை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இருக்காது.

தீர்வு எளிது. மட்டத்தை அதிகாலையில், யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் பார்த்து, அப்போது ஓவர்ஃப்ளோ விளிம்பிற்குக் கீழே 2.5 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும்படி பந்தின் கையைச் சரிசெய்ய வேண்டும். பித்தளைக் கையை மெதுவாகக் கீழ்நோக்கி வளைக்கலாம். பிளாஸ்டிக் வகையில் அதற்கென்று ஒரு திருகு இருக்கும், வளைத்தால் முறிந்துவிடும். அழுத்தம் மிகவும் கூடிய தாழ்வான பகுதிகளில், துளை சிறிதாக உள்ள உயர் அழுத்த வகை வால்வைப் போடுவது நல்லது. துளை பாதியானால் மட்டம் ஏறி இறங்கும் அளவும் கிட்டத்தட்ட பாதியாகக் குறையும். தொட்டி நிரம்ப அதிக நேரம் ஆகும் என்பதுதான் அதற்குக் கொடுக்கும் விலை.

கடையில் கேட்கும்போது ஒரு குழப்பம் வரலாம். ‘பால் வால்வு’ என்று மட்டும் சொன்னால், கால் சுற்றில் திறந்து மூடும் கைப்பிடி வால்வை எடுத்து நீட்டிவிடுவார்கள். தொட்டிக்கு உள்ளே போடும் மிதவை வால்வு என்று சொல்ல வேண்டும். மலாயில் ‘இன்ஜாப் அப்புங்’ என்றால் விளங்கும்.

பகல், இரவு என்று இல்லாமல் எப்போதும் சொட்டினால் அது வேறு கோளாறு. வாஷர் தேய்ந்திருக்கும் அல்லது வாஷருக்கும் துளைக்கும் நடுவே மணல் சிக்கியிருக்கும். தண்ணீர்த் தடைக்குப் பின் இது அதிகம் நடக்கும். பந்தைக் கழற்றிக் காதருகே குலுக்கிப் பார்ப்பதும் நல்லது. உள்ளே தண்ணீர் சலசலத்தால் பந்து ஓட்டை, அதை மாற்றத்தான் வேண்டும். வாஷர் புதிது, பந்தும் நல்லது, ஆனாலும் கசிகிறது என்றால் வாஷர் உட்காரும் பித்தளை விளிம்பிலேயே கோடு விழுந்திருக்கும். அப்போது வால்வு முழுவதையும் மாற்றுவதே மலிவு.

எவ்வளவு வீணாகிறது என்று அறிய, ஓவர்ஃப்ளோ குழாயின் கீழே ஒன்றரை லிட்டர் போத்தலைப் பிடித்தால் போதும். அது ஆறு நிமிடத்தில் நிரம்பினால் நிமிடத்துக்குக் கால் லிட்டர். இரவில் எட்டு மணி நேரம் மட்டும் வழிந்தால் நாளுக்கு 120 லிட்டர், மாதத்துக்கு 3.6 கன மீட்டர். நாள் முழுவதும் வழிந்தால் மாதத்துக்கு 10.8 கன மீட்டர். சிலாங்கூர், கோலாலம்பூர் வீட்டுக் கட்டணம் 20 கன மீட்டரைத் தாண்டும்போது ஒரு படியும், 35-ஐத் தாண்டும்போது இன்னொரு படியும் ஏறுவதால், இந்தப் பத்துக் கன மீட்டர் பில்லின் விலை கூடிய பகுதியில்தான் போய் உட்காரும்.

ஓவர்ஃப்ளோ குழாய் வழியும் தண்ணீரை வெளியேற்ற மட்டும் வைத்தது அல்ல. வால்வு கெட்டுவிட்டது என்று வீட்டுக்காரருக்குச் சொல்லும் அறிவிப்பும் அதுதான். அதனால் அதன் நுனி கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டும்போது இந்தக் குழாயை மழைநீர்க் குழாயோடு இணைத்துவிடுவது உண்டு. பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் ஆறு மாதம் வழிந்தாலும் பில் வரும்வரை யாருக்கும் தெரியாது.

அதன் அளவும் முக்கியம். உள்ளே வரும் தண்ணீரைத் தெருக் குழாயின் அழுத்தம் தள்ளுகிறது. வெளியே போகும் தண்ணீரோ தன் எடையால் மட்டுமே நகர்கிறது. இரண்டும் ஒரே அளவுக் குழாய் என்றால், வால்வு முழுதாகத் திறந்தபடி சிக்கும் நாளில் வெளியேறுவதைவிட அதிகமாக உள்ளே வரும், மிச்சம் சீலிங்கில் இறங்கும். வரும் குழாய் முக்கால் அங்குலம் என்றால் ஓவர்ஃப்ளோ ஓர் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஒன்றேகால் இருந்தால் நிம்மதி. ஏடிஸ் கொசு நுழையாமல் நுனியில் வலை கட்டுவது அவசியம். பாசி படிந்து அந்த வலை அடைத்துக்கொள்கிறதா என்பதையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். பந்தைக் கையால் அமுக்கிப் பிடித்து ஐந்து நிமிடம் தண்ணீரை வழியவிட்டால் குழாய் தாங்குமா என்று தெரிந்துவிடும். மட்டம் ஓரளவில் நின்றால் சரி. ஏறிக்கொண்டே போனால் குழாய் சிறியது அல்லது அடைத்திருக்கிறது.

வழிகிறதே என்ற பயத்தில் சிலர் பந்தின் கையை வெகுவாகக் கீழே வளைத்துவிடுகிறார்கள். வழிவது நிற்கும், தொட்டியும் பாதிதான் நிரம்பும். அதன் விளைவு தண்ணீர்த் தடை வரும் நாளில்தான் தெரியும். 2020 செப்டம்பர் 3-ஆம் தேதி ரவாங் அருகே சுங்கை கோங் ஆற்றில் ஏற்பட்ட தூய்மைக்கேட்டால் நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான், ஷா ஆலம், பெட்டாலிங், கோலாலம்பூர் உள்ளிட்ட பகுதிகளில் ஒரு மில்லியனுக்கும் அதிகமான கணக்குகளுக்கு நீர் தடைபட்டது.

கிள்ளானில் நான்கு பேர் உள்ள ஒரு வரிசை வீட்டை வைத்துக் கணக்கிடுவோம். 200 கேலன் தொட்டி, அதாவது 909 லிட்டர். அடியிலிருந்து ஓவர்ஃப்ளோ விளிம்பு வரை 100 சென்டிமீட்டர் என்றால் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ 9 லிட்டர். வண்டல் கீழே தங்கட்டும் என்று வெளியேறும் குழாயை அடியிலிருந்து 5 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்திருப்பார்கள், அதற்குக் கீழுள்ள தண்ணீர் வராது. வால்வு 97-இல் மூடினால் 92 சென்டிமீட்டர், சுமார் 830 லிட்டர் கையில் இருக்கும். 75-இல் மூடினால் 630 லிட்டர்தான். ஆளுக்கு 200 லிட்டர் என்றால் முதல் வீடு ஒரு நாள் முழுவதையும் கடக்கும். இரண்டாவது வீட்டில் அன்று மாலையே குழாய் காற்றைக் கக்கும்.

தடை பற்றிய அறிவிப்பு வந்தால், தொட்டி நிரம்பியதும் அதற்குள் போகும் குழாயின் ஸ்டாப் வால்வை மூடிவிடலாம். இதில் இரண்டு பயன் உண்டு. தெருக் குழாய் காலியாகும்போது சில சமயம் தண்ணீரைப் பின்னோக்கி உறிஞ்சும். மிதவை வால்விலிருந்து நீளும் சத்தம் குறைக்கும் குழாய் தண்ணீருக்குள் அமிழ்ந்திருந்தால், தொட்டித் தண்ணீர் அந்த வழியே திரும்பிப் போக முடியும். அந்தக் குழாயைக் கழற்றிவிடுவதே நல்லது. வால்வின் வாய் எப்போதும் ஓவர்ஃப்ளோ மட்டத்துக்கு மேலேயே இருக்க வேண்டும். இரண்டாவது பயன், தடை நீங்கியதும் முதலில் வரும் கலங்கல் தண்ணீர் தொட்டிக்குள் போகாது. வாசல் குழாயைத் திறந்து, தெளிவாக வரும்வரை ஓடவிட்டு, அதன் பிறகு ஸ்டாப் வால்வைத் திறந்தால் வாஷரில் மணல் சிக்குவது பெரிதும் குறையும். திறக்க மறந்தால் தெருவில் தண்ணீர் வந்தும் வீட்டில் தொட்டி காய்ந்துவிடும். சமையலறைக் குழாயில் ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிட்டால் மறக்காது.

பிரிக்பீல்ட்ஸ் போன்ற இடங்களின் உயர்ந்த அடுக்குமாடிகளில் கதை கொஞ்சம் மாறும். அங்கே தெருத் தண்ணீர் முதலில் கீழ்த்தளத் தொட்டிக்கு வருகிறது, மிதவை வால்வு அதில்தான் இருக்கும். மேல்மாடித் தொட்டிக்குப் பம்பு ஏற்றுகிறது. எப்போது ஏற்ற வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை மேலே உள்ள மின்சார மட்டக் கருவி சொல்லும். மொட்டைமாடியிலிருந்து தண்ணீர் கொட்டினால் அந்தக் கருவி பம்பை நிறுத்தவில்லை என்று பொருள். கீழ்த்தளத் தொட்டி அருகே வழிந்தால் கோளாறு மிதவை வால்வில். இரண்டும் பொதுச் சொத்து என்பதால் குடியிருப்பவர் தொடக் கூடாது. எங்கே, எந்த நேரத்தில் வழிந்தது என்று படத்தோடு நிர்வாக அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுத்தால், எதைத் திறந்து பார்ப்பது என்று பழுதுபார்க்க வருபவருக்குத் தெரிந்துவிடும்.