பெட்டி நிலைகளின் கலப்பும் சராசரி ஸ்தானத்தின் ஊசலாட்டமும்

கடக்கவொண்ணாத இரு சுவர்களுக்கிடையே, L அகலமுள்ள ஒரு பரிமாணப் பெட்டியில் அடைபட்ட எலக்ட்ரான் ஒரே சக்தி நிலையில் இருக்குமாயின், அதன் அலைச்சார்பின் கட்டம் காலத்தோடு சுழன்றுகொண்டிருந்த போதிலும், அதை எவ்விடத்தில் காணலாம் என்னும் நிகழ்தகவு மாறுவதே இல்லை. முதலிரு நிலைகளையும் சம அளவில் கலந்தாலோ, அவற்றின் கட்டங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல்வதால் அவ்வித்தியாசம் நிகழ்தகவில் புலப்பட்டு, இடச்சுவரிலிருந்து அளக்கப்படும் சராசரி ஸ்தானம் பெட்டியின் நடுவைப் பற்றி ஊசலாடுகிறது. தொடக்கத்தில் இரு அலைகளும் இடப்பாதியில் ஒன்றையொன்று வலுப்படுத்துமாறு அமைந்தால்,

⟨x⟩ = L/2 − (16L/9π²) cos(2πt/T)

T = h/(E₂ − E₁) = 8mL²/3h

பெட்டியின் அகலம் 1 நானோமீட்டர் எனில், E₁ ஏறத்தாழ 0.376 எலக்ட்ரான்வோல்ட், E₂ அதன் நான்கு மடங்கு, வித்தியாசம் 1.128. ஆகவே ஆவர்த்தன காலம் T சுமார் 3.67 ஃபெம்டோசெகண்டு, அதற்குள் சராசரி 0.32 நானோமீட்டரிலிருந்து 0.68 வரை சென்று மீள்கிறது.

மாணாக்கர் சிலர் h/E₁ எனக் கணித்து 11 ஃபெம்டோசெகண்டு என்று விடை எழுதுவதுண்டு. அது அலைச்சார்பு தன் கட்டத்தோடும் முழுமையாய் மீளும் காலமேயன்றி, சராசரியின் ஊசல்காலம் அன்று. சக்தியின் பூஜ்யத்தை வேறிடத்தில் வைத்தால் அந்த விடை மாறிவிடும், T மாறாது என்பதே பிழையைக் காட்டிக்கொடுக்கும் சோதனை.

முதல் நிலையை மூன்றாவதோடு கலந்தால், இரண்டும் நடுவைப் பொறுத்துச் சமச்சீருடையவை ஆதலின், நிகழ்தகவு விரிந்து சுருங்கினும் சராசரி L/2-ஐ விட்டு அசைவதில்லை. சராசரி என்பது எலக்ட்ரான் செல்லும் பாதையன்று. ஒரேவிதமாய்த் தயாரித்த பல பெட்டிகளில், ஒரே கணத்தில் அளந்த ஸ்தானங்களின் சராசரியே அது.