அவதானக் குறைபாடுள்ள பிள்ளையும் வீட்டு நடைமுறையும்

மாத்தளை நகருக்கு வடக்கே உள்ள அலுவிகாரையில், எட்டு வயது மகனுடைய குடும்பம் ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். வீட்டிலும் பாடசாலையிலும் ஒருங்கே, ஆறு மாதங்களுக்கு மேலாகக் காணப்பட்ட அறிகுறிகளை ஆராய்ந்த மருத்துவர், அவனுக்கு அவதானக் குறைபாடு உண்டென உறுதிசெய்கின்றார். உறவினரோ, தாய் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டதாகக் கூறுகின்றனர்.

இக்குற்றச்சாட்டு புதியதன்று. இத்தகைய பிள்ளைகளின் தாய்மார் அடிக்கடி கட்டளையிடுவதைக் கண்டவர்கள், அதனையே நோய்க்குக் காரணமாகக் கருதினர். 1979இல் ரசல் பார்க்லி, சார்ள்ஸ் கனிங்ஹாம் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதனை மறுபுறமாகக் காட்டியது. சிறுவர்களுக்கு மெதில்பெனிடேற் மருந்தும் மருந்தற்ற மாத்திரையும் மாறிமாறி அளிக்கப்பட்டன. எது எப்போது என்பது தாய்மாருக்குத் தெரியாது. மருந்தினால் சிறுவர்கள் சொற்கேட்கத் தொடங்கியபோது தாய்மாரின் கட்டளைகள் தாமாகவே குறைந்தன. பிள்ளையின் நடத்தையே தாயின் போக்கை மாற்றியிருந்தது. பெற்றோருக்குப் பயிற்சி பரிந்துரைக்கப்படுவது அவர்களது வளர்ப்பு பிழையெனப் பொருள்படாது என்பதைப் பெற்றோருக்கே விளக்கவேண்டும் என 2018ஆம் ஆண்டின் பிரித்தானிய மருத்துவ வழிகாட்டலும் வலியுறுத்துகின்றது.

எனவே மாற்றவேண்டியது நாளாந்த நடைமுறையே. "எழும்பு, பல் துலக்கு, உடுத்திக்கொள், பையை எடு" என்று அடுக்களையிலிருந்து உம்மா சொல்லும் நான்கில் மூன்று அவன் மனத்தில் தங்குவதில்லை. இது பிடிவாதமன்று. அருகே சென்று, பெயர் சொல்லி, முகம் பார்த்து ஒன்றை மட்டும் கூறி, அதை அவன் வாயாலேயே திருப்பிச் சொல்லச் செய்யவேண்டும். சீருடையும் புத்தகப்பையும் முதல்நாள் இரவே கதவருகில் இருக்கட்டும்.

பாடசாலை, பின்னர் குர்ஆன் மதரஸா என இருமுறை அமர்ந்திருந்து வரும் பிள்ளையை உடனே வீட்டுப்பாடத்தில் இருத்துதல் வீண். ஓடியாடிவிட்டு, மஃரிபுக்குப் பின் பத்து நிமிடம் எழுதி, எழுந்து தண்ணீர் அருந்தி, மீண்டும் பத்து நிமிடம் எழுதலாம். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கொப்பியில் ஒரு நட்சத்திரம் இடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை தருவதாகச் சொல்லும் பரிசு இப்பிள்ளைக்கு வெகுதூரத்தில் இருக்கின்றது. சம்பாதித்த நட்சத்திரத்தைக் கோபத்தில் அழிப்பதும் கூடாது. அழித்தால் முழு ஏற்பாட்டிலும் அவன் நம்பிக்கை இழப்பான்.

சில வாரங்களில் நட்சத்திரத்தின் புதுமை தேயும். பெரும்பாலான குடும்பங்கள் கைவிடுவது இக்கட்டத்தில்தான். பரிசை மாற்றினாற் போதும், நடைமுறையை மாற்றவேண்டியதில்லை. பயன் உண்டா என்பதை அறிய, சீருடை அணியுமாறு காலையில் எத்தனை முறை சொல்லவேண்டியிருந்தது என்பதை நாட்காட்டியில் குறித்துவரலாம். ஏழு முறை மூன்றாகக் குறைந்தால் அது முன்னேற்றமே.

ஒழுங்கான நடைமுறை குறைபாட்டை நீக்கிவிடாது. சில பிள்ளைகளுக்கு மருந்தும் தேவைப்படும். மெதில்பெனிடேற் பசியைக் குறைக்கக்கூடியது. ஆதலால் காலையுணவை மாத்திரைக்கு முன்னரே கொடுத்து, எடையையும் உயரத்தையும் மருத்துவரிடம் தவறாது அளந்துகொள்ளவேண்டும்.