விரைவுப் பயண முறை (கைபேசிப் பணப்பை)

கைபேசியின் பூட்டைத் திறக்காமலே ரயில் நிலையக் கதவில் கட்டணம் செலுத்த உதவும் ஏற்பாடு. லண்டன் சுரங்க ரயிலில் ஐபோனை நீட்டியதும், கதவிலுள்ள ரீடர் கார்டு விவரம் கேட்பதற்கு முன்பே குறிப்பிட்ட சில பைட்டுகளை அனுப்புகிறது. அவற்றை வைத்து இது போக்குவரத்துக் கதவு என்று அறியும் போன், இதற்கென உரிமையாளர் ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைத்த கார்டை முகமோ விரல்ரேகையோ கேட்காமல் காட்டுகிறது. கடை மெஷின்கள் அந்தப் பைட்டுகளை அனுப்புவதில்லை. ஆகவே அங்கே பூட்டைத் திறந்தே தீரவேண்டும்.

பைட்டுகள் ரகசியமானவை அல்ல என்பதுதான் இதன் பெரிய பலவீனம். 2021இல் பர்மிங்காம், சர்ரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றைப் போலியாக அனுப்பி, இடையில் செய்தியையும் மாற்றி, பூட்டிய ஐபோனிலிருந்த விசா கார்டிலிருந்து 1,000 பவுண்டு எடுத்துக் காட்டினார்கள். மாஸ்டர்கார்டில் அது பலிக்கவில்லை. போன் தொலைந்தால் இந்த முறைக்கெனத் தேர்ந்தெடுத்த கார்டை உடனே முடக்கிவிட வேண்டும்.