இணைப்பு இயல்வடிவமாக்கம்

இணைப்பு இயல்வடிவம் என்பது கூற்றுத் தர்க்க வாய்பாடு ஒன்றைக் கட்டுப்பாடான அமைப்பில் எழுதும் முறை. பாட வகுப்புகளிலும் கணினித் துறையிலும் இது சி.என்.எஃப். என்ற சுருக்கப் பெயரால் வழங்குகிறது. இவ்வடிவில் உள்ள வாய்பாடு, ‘மற்றும்’ (∧) குறியால் கோக்கப்பட்ட அடைப்புக்குறிகளின் வரிசையாக இருக்கும். ஒவ்வோர் அடைப்புக்குறிக்குள்ளும் ‘அல்லது’ (∨) மட்டுமே வரும். மறுப்புக்குறி (¬) தனி மாறிக்கு முன்னால் மட்டுமே நிற்கும். எந்தக் கூற்று வாய்பாட்டையும், அதன் மெய்மதிப்பு எந்த நிலையிலும் மாறாமல், சமான விதிகளைக் கொண்டே இவ்வடிவுக்குக் கொண்டுவர முடியும்.

## அமைப்பும் பொருளும்

தனி மாறியோ மறுக்கப்பட்ட மாறியோ, அதாவது p அல்லது ¬p, லிட்டரல் எனப்படும். லிட்டரல்களை ‘அல்லது’ கொண்டு இணைத்த ஓர் அடைப்புக்குறி உட்கூறு எனப்படும். ஆகவே இணைப்பு இயல்வடிவம் என்பது உட்கூறுகளின் ‘மற்றும்’ கோவை.

ஒவ்வோர் உட்கூறையும் ஒரு தடையாகப் படிப்பது பொருளை எளிதாக்கும். p ∨ r என்ற உட்கூறு பொய்யாவது p, r இரண்டுமே பொய்யாகும்போது மட்டும்தான். எனவே அது ‘p-யும் r-உம் ஒருசேரப் பொய்யாகக் கூடாது’ என்று ஒரே ஒரு நிலையை விலக்குகிறது. வாய்பாடு முழுவதும் இத்தகைய தடைகளின் பட்டியல். ஒரு தடை மீறப்பட்டாலும் வாய்பாடு பொய்யாகிவிடும்.

## மூன்று படிகள்

முதற்படியில் ↔, → குறிகள் நீக்கப்படுகின்றன. A ↔ B என்பதை (A → B) ∧ (B → A) என்றும், A → B என்பதை ¬A ∨ B என்றும் எழுத வேண்டும். A ↔ B என்பதை (A ∧ B) ∨ (¬A ∧ ¬B) என்று எழுதுவதும் சமானமே. ஆனால் அப்படி எழுதினால் ‘அல்லது’ வெளியே வந்துவிடுவதால் பின்னால் வேலை கூடும்.

இரண்டாம் படியில் மறுப்பு உள்ளே தள்ளப்படுகிறது. டி மார்கன் விதிப்படி ¬(A ∧ B) என்பது ¬A ∨ ¬B ஆகும். ¬(A ∨ B) என்பது ¬A ∧ ¬B ஆகும். இரட்டை மறுப்பு விதிப்படி ¬¬A என்பது A. எல்லா மறுப்புகளும் மாறிகளுக்கு முன்னால் வந்து நிற்கும்வரை இவ்விதிகளை மேலிருந்து கீழாகப் பயன்படுத்த வேண்டும்.

மூன்றாம் படியில் பங்கீட்டு விதி வருகிறது. A ∨ (B ∧ C) என்பது (A ∨ B) ∧ (A ∨ C) ஆகிறது. ‘அல்லது’க்குள் சிக்கியிருக்கும் ‘மற்றும்’ இதனால் வெளியே வருகிறது. எண்கணிதத்தில் கூட்டலின் மேல் பெருக்கல் மட்டுமே பங்கிடும். தர்க்கத்தில் இரு திசையிலும் பங்கீடு உண்டு என்பதால் எந்தத் திசையில் போகிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. நிபந்தனைக் குறியான → தன் இடப்பக்கத்தில் ஒரு மறுப்பை ஒளித்து வைத்திருக்கிறது; அது வெளிப்பட்ட பிறகே டி மார்கன் விதி வேலை செய்யும். மறுப்பு வெளியே நிற்கும்போது அவசரப்பட்டுப் பங்கிட்டால் உழைப்பு வீணாகும். ¬(p ∨ (q ∧ r)) என்பதை எடுத்துக்கொள்வோம். முதலில் பங்கிட்டால் ¬((p ∨ q) ∧ (p ∨ r)) கிடைக்கும். மறுப்பை உள்ளே தள்ளியதும் அது (¬p ∧ ¬q) ∨ (¬p ∧ ¬r) ஆகிவிடும். மறுபடியும் பங்கிட வேண்டும். மறுப்பை முதலில் தள்ளினாலோ ¬p ∧ (¬q ∨ ¬r) நேராகவே வந்துவிடும்.

## எடுத்துக்காட்டு

ஓர் உள்ளூர்க் கிரிக்கெட் ஆட்டத்துக்கு முன் நடுவர், ‘மழை பெய்தால் ஆட்டம் ரத்து’ என்று சொல்கிறார். மழை பெய்தது என்பதை p என்றும், ஆட்டம் ரத்தானது என்பதை q என்றும், நடுவர் சொன்ன சொல் நின்றது என்பதை r என்றும் குறிப்போம். சொல் நிற்பதும் நிபந்தனை மெய்யாவதும் ஒன்றே என்பதால் வாய்பாடு இது:

(p → q) ↔ r

முதலில் ↔ குறியைப் பிரிக்க வேண்டும்:

((p → q) → r) ∧ (r → (p → q))

பிறகு → குறிகளை நீக்க வேண்டும். இடப்பக்க அடைப்புக்குறியில் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு உண்டு. வெளிக்குறியை நீக்கும்போது (p → q) முழுவதன் மேலும் மறுப்பு விழுகிறது:

(¬(¬p ∨ q) ∨ r) ∧ (¬r ∨ (¬p ∨ q))

இரண்டாம் படியில் மறுப்பை உள்ளே தள்ளும்போது ¬(¬p ∨ q) என்பது ¬¬p ∧ ¬q ஆகி, p ∧ ¬q என்று சுருங்குகிறது:

((p ∧ ¬q) ∨ r) ∧ (¬p ∨ q ∨ ¬r)

வலப்பக்கம் ஏற்கெனவே ஓர் உட்கூறு. இடப்பக்கத்தில் மட்டும் ‘மற்றும்’ உள்ளே சிக்கியிருக்கிறது. மூன்றாம் படியில் r-ஐ p-க்கும் ¬q-க்கும் பங்கிட்டால் முடிவு கிடைக்கிறது:

(p ∨ r) ∧ (¬q ∨ r) ∧ (¬p ∨ q ∨ ¬r)

மூன்று உட்கூறுகளையும் தடைகளாகப் படித்தால் நடுவரின் கதை திரும்ப வருகிறது. மழையே பெய்யாதபோது சொல் தவறியதாக ஆகாது. ஆட்டம் ரத்தாகிவிட்டபோதும் சொல் தவறியதாக ஆகாது. மழை பெய்தும் ஆட்டம் நடந்திருந்தால் சொல் நின்றதாக ஆகாது.

## பிழைகளும் சரிபார்ப்பும்

மூன்று மாறிகளுக்கு மெய்மை அட்டவணையில் 8 வரிசைகள் உண்டு. மூல வாய்பாடு அவற்றில் 4 வரிசைகளில் பொய்யாகிறது. p, q, r என்ற வரிசையில் மெய்யை 1 எனவும் பொய்யை 0 எனவும் எழுதினால் அவை 000, 010, 110, 101. முதல் உட்கூறு 000, 010 இரண்டையும் விலக்குகிறது. இரண்டாவது 010, 110 இரண்டையும் விலக்குகிறது. மூன்றாவது 101-ஐ விலக்குகிறது. விலக்கப்பட்ட வரிசைகளும் பொய்யான வரிசைகளும் ஒன்றாகவே இருப்பதால் மாற்றம் சரி.

மாணவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. ஒன்று, மறுப்பைத் தள்ளும்போது இணைப்புக்குறியைத் திருப்ப மறப்பது. ¬(¬p ∨ q) என்பதை p ∨ ¬q என்று எழுதிவிட்டால் இடப்பக்கம் p ∨ ¬q ∨ r என்ற ஒரே உட்கூறாகிவிடும். வேலை சீக்கிரம் முடிந்ததுபோலத் தோன்றும். 000 வரிசையைப் போட்டுப் பார்த்தால் பிழை தெரியும்: மூல வாய்பாடு அங்கே பொய், பிழையான வடிவமோ மெய்.

மற்றொன்று, பங்கிடும்போது ஒரு கிளையை விட்டுவிடுவது. (p ∧ ¬q) ∨ r என்பதை p ∧ (¬q ∨ r) என்று எழுதினால் p-யின் பக்கத்தில் வரவேண்டிய r தொலைந்துபோகிறது. 001 வரிசையில் மூல வாய்பாடு மெய். இந்த வடிவம் பொய். ஒரு வரிசை முரண்பட்டாலே பிழை உறுதி. ஆனால் ஒரு வரிசை ஒத்துப்போவதால் மட்டும் மாற்றம் சரி என்று ஆகிவிடாது.

## சுருக்கமும் முழுவடிவமும்

பங்கீட்டுக்குப் பின் வரும் உட்கூறுகளில் சில தேவையற்றவை. p ∨ ¬p ∨ q போல ஒரு மாறியும் அதன் மறுப்பும் சேர்ந்து வரும் உட்கூறு எதையும் விலக்குவதில்லை, அதை நீக்கிவிடலாம். ஈர்ப்பு விதிப்படி p ∧ (p ∨ q) என்பது p மட்டுமே. எல்லா உட்கூறுகளும் முதல் வகையாகவே அமைந்தால் மூல வாய்பாடு ஒரு மெய்மம். p → (q → p) என்பது ¬p ∨ ¬q ∨ p ஆகும்போது, அது மெய்மம் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது.

ஒரே வாய்பாட்டுக்குப் பல இணைப்பு இயல்வடிவங்கள் இருக்கலாம். ஒவ்வோர் உட்கூறிலும் எல்லா மாறிகளும் தலா ஒருமுறை வரவேண்டும் என்று வகுத்தால் மட்டும், வரிசை மாற்றத்தைக் கணக்கில் கொள்ளாதபோது, வடிவம் ஒன்றே ஆகிறது. நடுவர் எடுத்துக்காட்டின் முழுவடிவம், பொய்யான வரிசைக்கு ஒன்றாக 4 உட்கூறுகள் கொண்டது:

(p ∨ q ∨ r) ∧ (p ∨ ¬q ∨ r) ∧ (¬p ∨ ¬q ∨ r) ∧ (¬p ∨ q ∨ ¬r)

## பங்கீட்டின் பெருக்கம்

முதல் இரு படிகளில் ↔ ஒன்றினுள் ஒன்றாக அடுக்கி வந்தால் மட்டுமே வாய்பாடு வெகுவாக நீளும். மூன்றாம் படி எப்போதுமே ஆபத்தானது. (a1 ∧ b1) ∨ (a2 ∧ b2) ∨ … என்று n இணைகள் இருந்தால், ஒவ்வோர் இணையிலிருந்தும் ஒரு மாறியை எடுக்கும் எல்லாச் சேர்க்கைகளும் உட்கூறுகளாகின்றன. அவற்றின் எண்ணிக்கை 2ⁿ. 10 இணைகளுக்கு 1,024 உட்கூறுகள்; 20 இணைகளுக்கு 10,48,576. இங்கே சுருக்க விதிகளும் உதவா. அதே மாறிகளைக் கொண்டு இதைவிடக் குறைந்த உட்கூறுகளில் இவ்வாய்பாட்டை எழுத முடியாது.

இதற்கு ரஷ்யக் கணிதவியலாளர் கிரிகோரி செய்ட்டின் 1968-இல் வெளியான கட்டுரையில் ஒரு மாற்றுவழி தந்தார். ஒவ்வோர் இணைக்கும் ஒரு புதிய மாறியைப் பெயராகச் சூட்டி, x ↔ (a ∧ b) என்று எழுத வேண்டும். மேலே கண்ட மூன்று படிகளால் இது (¬x ∨ a) ∧ (¬x ∨ b) ∧ (x ∨ ¬a ∨ ¬b) ஆகிறது. இறுதியில் புதிய பெயர்களையெல்லாம் ‘அல்லது’ கொண்டு கோக்கும் ஓர் உட்கூறைச் சேர்க்க வேண்டும். 20 இணைகளுக்கு மொத்தம் 61 உட்கூறுகளே போதும்.

இதற்கு ஒரு விலை உண்டு. புதிய மாறிகள் நுழைந்துவிட்டதால் விளைவு மூல வாய்பாட்டுக்குச் சமானமானது அன்று. மூல வாய்பாட்டை மெய்யாக்கும் மதிப்பீடு ஒன்று இருந்தால் புதியதற்கும் இருக்கும், இல்லையென்றால் இருக்காது என்ற அளவில்தான் இரண்டும் ஒத்துப்போகும். மெய்யாக்கும் மதிப்பீட்டைத் தேடும் நிரல்களுக்கு அவ்வளவே போதும். ஒரு வாய்பாடு மெய்மமா என்று இவ்வழியில் அறிய, முதலில் அதை மறுத்து, மறுப்பை மெய்யாக்கும் மதிப்பீடு இல்லை என்று காட்ட வேண்டும்.

## கணினியில் எழுதும் முறை

அத்தகைய நிரல்கள் பரவலாக ஏற்கும் கோப்பு முறை டிமாக்ஸ் வடிவம். இதில் மாறிகள் எண்களாகவும், மறுப்பு கழித்தல் குறியாகவும், உட்கூறின் முடிவு 0 ஆகவும் எழுதப்படும். p, q, r மூன்றையும் 1, 2, 3 என்று வைத்தால் நடுவர் எடுத்துக்காட்டு இப்படி அமையும்:

```
p cnf 3 3
1 3 0
-2 3 0
-1 2 -3 0
```

முதல் வரியின் இரு எண்களும் முறையே மாறிகளின் எண்ணிக்கை, உட்கூறுகளின் எண்ணிக்கை. அவ்வரியின் தொடக்கத்தில் உள்ள p வடிவத்தின் அடையாளமே; நம் மாறியான p அன்று. இக்கோப்பில் ‘மற்றும்’, ‘அல்லது’ குறிகளோ அடைப்புக்குறிகளோ இல்லை. வாய்பாடு இணைப்பு இயல்வடிவில் இருப்பதால், எங்கே எந்தக் குறி வரும் என்பது முன்பே முடிவாகிவிட்டது.