வெள்ளம் வடிந்த வீட்டுக்கு பொங்கலுக்குள் பெயின்ட் அடிக்கலாமா? சம்ப் முதல் சுவர் வரை செய்ய வேண்டியது என்ன?

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னையை ஒட்டி நகர்ந்தபோது கொட்டிய மழை நமக்கு நினைவிருக்கும். 5-ம் தேதி புயல் ஆந்திராவின் பாபட்லா அருகே கரையைக் கடந்துவிட்டது. ஆனால் முடிச்சூர், வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் பல வீடுகளில் அதற்குப் பிறகும் தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்ததும் செய்தி முடிந்துவிடும். தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு வேலையே அப்போதுதான் ஆரம்பிக்கும்.

டிசம்பர் வெள்ளத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அடுத்த ஐந்தாறு வாரத்தில் பொங்கல் வந்துவிடும். 'பொங்கலுக்கு முன்னாடி வெள்ளை அடிச்சிடணும்' என்று அவசரப்படுவோம். அடித்த பெயின்ட் சித்திரை வெயிலில் கொப்பளித்து உரிந்து வரும்போதுதான், ஏன் அவசரப்பட்டோம் என்று தோன்றும்.

முடிச்சூர் பக்கம் ஒரு தரைத்தள வீடு என்று வைத்துக்கொள்வோம். உள்ளே மூன்றடி தண்ணீர், இரண்டு நாள் நின்றது. 6,000 லிட்டர் சம்ப், ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர். இந்த வீட்டை எந்த வரிசையில் மீட்பது?

மெயினை ஆஃப் பண்ணினால் போதுமா?

போதாது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், மெயின் ஆஃப் ஆனதும் அது தானாக ஓட ஆரம்பித்து வயரிங்குக்குள் கரன்ட் அனுப்பும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் நிறுத்த வேண்டும். ஸ்விட்ச் போர்டுக்குப் போக தண்ணீரில் நின்றுதான் ஆக வேண்டும் என்றால் தொடவே வேண்டாம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்கு அழைத்து, வெளியிலிருந்தே இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள்.

சுவருக்குள் போகும் பைப்புகளில் தண்ணீர் தேங்கியிருக்கும். வெளியே பார்த்தால் எல்லாம் காய்ந்த மாதிரியே தெரியும். எலக்ட்ரீஷியனிடம் 'மெக்கர் வச்சு பாருங்க' என்று கேளுங்கள். வயரின் இன்சுலேஷன் தாங்குகிறதா என்று அளக்கும் கருவி அது. ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த லைனுக்கு இணைப்பு கொடுக்கக் கூடாது. ஆர்சிசிபி திரும்பத் திரும்ப விழுகிறது என்றால் அது கெட்டுப்போச்சு என்று கழற்றி வீசாதீர்கள். உள்ளே ஈரம் இருக்கிறது என்று அது சொல்லிக்கொண்டிருக்கிறது.

கழுவுவதற்கு முன்னால் ஒரு வேலை. சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் இருந்தால் கிளெய்முக்கு உதவும். சுவர் எவ்வளவு காய்ந்தது என்று பின்னால் ஒப்பிட்டுப் பார்க்கவும் அதுதான் அளவுகோல்.

சம்ப் தண்ணீரை எப்போது நம்பலாம்?

பார்க்க தெளிவாக இருந்தாலும் நம்ப வேண்டாம். செப்டிக் டேங்க் பல வீடுகளில் சம்ப்பிலிருந்து சில அடி தூரத்தில்தான் இருக்கிறது. வெள்ளத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும்.

முதல் நாளே மோட்டார் போட்டு சம்ப்பை காலி செய்வதுதான் வழக்கமான தவறு. சுற்றி நிலத்தடி நீர் தரைமட்டம் வரை நிற்கும்போது உள்ளே காலியானால், வெளியே இருக்கும் நீர் அடியிலிருந்து தூக்கும். சம்ப்பின் தரை விரிசல் விடலாம். தெருவில் தண்ணீர் வடிந்து, பக்கத்தில் கிணறு இருந்தால் அதன் மட்டமும் இறங்கிய பிறகு காலி செய்யுங்கள். இறைத்த மறுநாள் சம்ப்பில் தானாகத் தண்ணீர் ஊறியிருந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். அதை அடைக்காமல் எவ்வளவு பிளீச்சிங் போட்டாலும் பயனில்லை.

சேற்றை அள்ளி, தேய்த்துக் கழுவிய பிறகு புதுத் தண்ணீர் நிரப்புங்கள். நம் 6,000 லிட்டர் சம்ப்புக்கு சுமார் ஒரு கிலோ பிளீச்சிங் பவுடர் வேண்டும். பொடியை அப்படியே கொட்டக் கூடாது. பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். பிறகு மோட்டார் போட்டு மேல் தொட்டிக்கு ஏற்றி, ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாடை வரும் வரை திறந்து விட்டு மூடுங்கள். 12 மணி நேரம் அப்படியே நிற்கட்டும். அந்தத் தண்ணீர் குடிக்க, குளிக்க ஆகாது. முழுவதையும் வெளியேற்றி மறுபடி நிரப்ப வேண்டும்.

அதற்குப் பிறகு தினசரி பயன்பாட்டுக்கு 1,000 லிட்டருக்கு சுமார் 2.5 கிராம் பிளீச்சிங் போதும். அதாவது இந்த சம்ப்புக்கு 15 கிராம். போட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் எடுக்க வேண்டும். குடிக்கிற தண்ணீரை இதற்கு மேலும் சில வாரம் கொதிக்க வைப்பதே நல்லது.

கட்டி தட்டிப்போய், வாடையே இல்லாத பழைய பவுடர் வேலைக்கு ஆகாது. இன்னொன்று, பிளீச்சிங்கோடு ஆசிட் அல்லது டாய்லெட் கிளீனரைக் கலந்து தரையைக் கழுவாதீர்கள். மூடிய பாத்ரூமில் கிளம்பும் குளோரின் வாயு மூச்சை அடைத்துவிடும்.

சரி, சுவர்?

இதுதான் பொறுமையை சோதிக்கும் வேலை. தண்ணீர் மூன்றடி நின்றது என்றால் ஈரம் மூன்றடியோடு நிற்காது. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல செங்கல் தண்ணீரை மேலே இழுக்கும். சில நாளில் நாலடி வரை கறை ஏறியிருப்பதைப் பார்க்கலாம். கடலோரக் காற்றில், டிசம்பர் ஜனவரி பனியில், ஒன்பது இஞ்ச் சுவர் முழுதாகக் காய மாதக்கணக்கில் ஆகும். ஃபேன் போட்டு, எதிரெதிர் ஜன்னலைத் திறந்து வைப்பதைத் தவிர பெரிய குறுக்குவழி இல்லை.

காயும்போது வெள்ளையாக உப்பு பூக்கும். உடனே ஈரத்துணியால் துடைப்போம். துடைத்தால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, கூட்டி அள்ளி வெளியே போடுங்கள். பூப்பது நிற்கும் வரை சுவர் இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் கவரை சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப்பால் ஒட்டிவிடுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். கவருக்கு உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் பெயின்டரை இப்போது கூப்பிட வேண்டாம். தண்ணீர் நின்ற கோட்டுக்குக் கீழே இரண்டு மூன்று இடத்தில் இதைச் செய்வது நல்லது. மேலே காய்ந்து கீழே ஈரமாக இருப்பது சகஜம். சுவரை விரலால் தட்டும்போது 'டொப்பு டொப்பு' என்று சத்தம் வந்தால் அந்த இடத்தில் பூச்சு செங்கல்லை விட்டுவிட்டது. அதைக் கொத்தி எடுத்துவிட்டால் சுவரும் வேகமாகக் காயும்.

பண்டிகைக்கு வெறும் சுவராக விட மனசு வராதுதான். அப்படியானால் இந்த வருஷம் சுண்ணாம்பு மட்டும் அடியுங்கள். அது ஈரத்தை வெளியே விடும். பட்டி, எனாமல் மாதிரியானவை சுவரை மூடிவிடும். உள்ளே மாட்டிய ஈரம் வெயிலில் வெளியே வரத் தள்ளும்போதுதான் பெயின்ட் கொப்பளிக்கிறது.

இதே அவசரம் கதவிலும் நடக்கும். ஊறிப்போய் மூட முடியாத மரக்கதவை தச்சரை விட்டு இப்போதே இழைத்தால், காய்ந்து சுருங்கியதும் விரல் நுழையும் இடைவெளி விழுந்துவிடும். கழற்றி நிழலில் சாய்த்து வைத்து, சுவர் காய்ந்த பிறகு மாட்டிப் பாருங்கள். பெரும்பாலும் பழையபடி பொருந்திவிடும். பார்ட்டிகிள் போர்டு அலமாரிக்கு அந்த வாய்ப்பு கிடையாது. ஒருமுறை உப்பினால் அது திரும்பாது, தூக்கிப்போட வேண்டியதுதான்.