சாட்டில் வாடிக்கையாளர் திட்டினால் என்ன செய்வது?

விடுமுறையில் பகுதிநேர வேலை தேடும் இளையர்களில் சிலர் வாடிக்கையாளர் சேவைக்குப் போகிறார்கள். ஃபோனில் பேசுவதைவிட சாட்டில் பதில் சொல்வது சுலபம் என்று முதலில் தோன்றும். குரல் கேட்காது, முகம் தெரியாது. ஆனால் அதே காரணத்தால்தான், நேரில் சொல்லத் தயங்கும் சொற்களை மறுமுனையில் இருப்பவர் தயங்காமல் டைப் செய்கிறார். நீங்களோ ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சாட்களைக் கவனித்துக்கொண்டிருப்பீர்கள். பதில் வரத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்கு அலட்சியமாகத் தெரியும்.

அப்படியொரு உரையாடலை ஓர் எடுத்துக்காட்டாகப் பார்க்கலாம்.

இணையத்தில் வாங்கிய காலணி வீட்டுக்கு வந்துவிட்டதாகச் செயலி காட்டுகிறது. வாசலில் ஒன்றும் இல்லை. இரவு 8.10க்கு வாடிக்கையாளர் எழுதுகிறார்: "மூணு நாளா இதே கதை. பொட்டலத்தைக் காணோம். உங்க சிஸ்டம் சுத்தக் குப்பை!"

இது கோபமா, வசையா?

கோபம்தான். அவர் திட்டுவது சிஸ்டத்தை, உங்களை அல்ல. இங்கேயே "மரியாதையாகப் பேசுங்கள்" என்று எழுதினால் தவறு உங்கள் பக்கம் வந்துவிடும். ஒரு கெட்ட வார்த்தை வந்தாலும்கூட, அது யாரை நோக்கி வருகிறது என்று பார்க்க வேண்டும். நிலைமையை நோக்கி வந்தால் கோபம். உங்கள் அறிவையோ, இனத்தையோ, குடும்பத்தையோ தொட்டால் வசை. தமிழில் சாட் செய்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு: 'நீங்க' என்று எழுதிக்கொண்டிருந்தவர் திடீரென்று 'நீ'க்கு மாறினால், பேச்சு ஆள்மீது திரும்புகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

கோபத்துக்குப் பதில் சொல்லும்போது பலர் எழுதுவது, "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். பொறுமைக்கு நன்றி." தயாராக வைத்திருக்கும் வாசகம். அதை இரண்டாவது முறை ஒட்டும்போது, தான் எழுதியதை யாரும் படிக்கவில்லை என்று அவருக்குப் புரிந்துவிடும். "அமைதியாக இருங்கள்" என்பது இன்னும் மோசம். அதைப் படித்து அமைதியானவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: "செயலியில் பொட்டலம் வந்துவிட்டதாகக் காட்டுகிறது, ஆனால் உங்கள் கைக்கு வரவில்லை. விநியோக ஊழியர் எடுத்த படத்தை இப்போது பார்க்கிறேன். 3 நிமிடத்தில் பதில் சொல்கிறேன்."

அவர் சொன்னதை நீங்கள் படித்தீர்கள் என்பதற்கு முதல் வாக்கியமே அத்தாட்சி. அடுத்தது, நீங்கள் செய்யப்போகும் வேலை. கடைசியில் ஒரு நேரம். அந்த நேரம்தான் முக்கியம். 3 நிமிடம் என்று சொன்னால், ஒன்றும் கிடைக்காவிட்டாலும் 3 நிமிடத்தில் திரும்பி வந்து "இன்னும் தேடுகிறேன்" என்று எழுத வேண்டும். முடியாது என்று தெரிந்தால் முதலிலேயே 10 நிமிடம் என்று கேளுங்கள்.

படத்தைப் பார்த்தால், பொட்டலம் 12ஆம் மாடிக் கதவருகே இருக்கிறது. வாடிக்கையாளர் வீடு 10ஆம் மாடி. அதைச் சொல்லி, நாளை நண்பகலுக்குள் எடுத்துவந்து கொடுக்க ஏற்பாடு செய்வதாக எழுதுகிறீர்கள். பதில் வருகிறது: "நாளைக்கா? நீ என்ன முட்டாளா? படிக்காதவங்களையெல்லாம் வேலைக்கு வெச்சிருக்காங்க."

எல்லைக்கோடு

இப்போது அது வசை. பதில் இப்படி இருக்கலாம்: "பொட்டலத்தை உங்களிடம் சேர்க்க உதவுகிறேன். ஆனால் என்னைத் திட்டும் சொற்கள் தொடர்ந்தால் இந்த சாட்டை முடித்துவிடுவேன். நாளை நண்பகல் 12 மணிக்குள் விநியோகத்தைப் பதிவு செய்யட்டுமா?"

இதில் "நீங்கள் முரட்டுத்தனமானவர்" என்று எங்கும் இல்லை. அவரது குணத்தைப் பற்றிப் பேசினால் அதற்கு ஒரு விவாதம் தொடங்கும். எது தொடர்ந்தால் என்ன நடக்கும் என்பது மட்டுமே இருக்கிறது. முடிவில் ஒரு கேள்வி. 'சரி' என்ற ஒரே சொல்லில் அவர் மரியாதையோடு திரும்பி வர அது வழிவிடுகிறது. பலர் அந்த வழியில் வந்துவிடுவார்கள்.

எச்சரிக்கை ஒரு முறை போதும். சில நிறுவனங்கள் இரண்டு முறை சொல்லச் சொல்லும். அதை வேலையில் சேரும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து முறை "முடித்துவிடுவேன்" என்று சொல்லியும் முடிக்காமல் இருந்தால், அந்தக் கோட்டைத் தாண்டலாம் என்று நீங்களே கற்றுக்கொடுத்ததாகிவிடும். அதேபோல, சாட்டை முடிக்க உங்களுக்கு அனுமதி இல்லையென்றால் அப்படி எழுதவே கூடாது. "மேற்பார்வையாளரிடம் ஒப்படைப்பேன்" என்று உண்மையில் செய்யக்கூடியதைச் சொல்லுங்கள்.

அவர் மறுபடியும் திட்டுகிறார். இப்போது முடிக்க வேண்டும். ஆனால் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது: மறுவிநியோகத்தைப் பதிவு செய்வது. வாய் மோசமாக இருந்தாலும் அவரது புகார் நியாயமானது, பொட்டலம் வேறு மாடிக்குப் போனது உண்மை. சாட் முடியலாம், புகார் முடியக்கூடாது.

பிறகு எழுதுங்கள்: "திட்டும் சொற்கள் தொடர்வதால் இந்த சாட்டை இப்போது முடிக்கிறேன். உங்கள் பொட்டலம் நாளை நண்பகல் 12 மணிக்குள் வரும்படி பதிவு செய்திருக்கிறேன். புகார் எண்ணை மின்னஞ்சலில் அனுப்பியுள்ளேன். அதற்குப் பதில் அனுப்பி எங்களைத் தொடர்புகொள்ளலாம்."

உடனே முடித்துவிட வேண்டும். அவர் இன்னும் ஏதோ டைப் செய்வது திரையில் தெரியும், என்ன எழுதுகிறார் என்று பார்க்கக் கை பரபரக்கும். கடைசி வார்த்தை அவருடையதாகவே இருக்கட்டும்.

மிரட்டினால்?

"உன் ஆபீஸ் எங்கன்னு தெரியும், வெளிய வா" என்று வந்தால் இந்தப் படிகள் பொருந்தாது. எச்சரிக்கை தேவையில்லை. உரையாடலை நேரத்தோடு சேர்த்துச் சேமித்து, மேற்பார்வையாளரிடம் உடனே காட்ட வேண்டும். சிங்கப்பூரில் 2014இல் நிறைவேற்றப்பட்ட துன்புறுத்தலுக்கு எதிரான பாதுகாப்புச் சட்டம் இணையத்தில் எழுதப்படும் சொற்களுக்கும் பொருந்தும். துன்புறுத்தும் நோக்கத்துடன் மிரட்டும் அல்லது இழிவுபடுத்தும் சொற்களைப் பயன்படுத்தி ஒருவரை மனவேதனைக்கு ஆளாக்கினால் 5,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். "உன் பேரையும் ஃபோட்டோவையும் ஃபேஸ்புக்ல போடுறேன்" என்பவர்களும் கவனிக்க வேண்டும்: துன்புறுத்தும் நோக்கத்தோடு ஒருவரின் தனிப்பட்ட விவரங்களை வெளியிடுவது 2020 முதல் குற்றம். ஆனால் வாடிக்கையாளர் ஒருமுறை 'முட்டாள்' என்றதும் சட்டத்தைக் காட்டி மிரட்டாதீர்கள். அது நெருப்பில் எண்ணெய்.

ஒரு விதிவிலக்கும் உண்டு. கோபத்துக்கு நடுவில் "எனக்கு வாழவே பிடிக்கல" என்பதுபோல் ஒருவர் எழுதினால், முன்பு எவ்வளவு திட்டியிருந்தாலும் சாட்டை முடிக்காதீர்கள். மேற்பார்வையாளரை அழைத்துக்கொண்டு, எஸ்ஓஎஸ் அமைப்பின் 24 மணி நேர உதவி எண் 1767ஐக் கொடுங்கள். அந்த நேரத்தில் பொட்டலம் காத்திருக்கலாம்.

சாட் முடிந்தபின் எழுதும் குறிப்பை நாளை வேறொரு ஊழியர் படிப்பார். "மோசமான ஆள்" என்று எழுதினால், அவர் வணக்கம் சொல்வதற்கு முன்பே முறுக்கிக்கொண்டுதான் தொடங்குவார். "இரவு 8.21: ஊழியரை முட்டாள் என்றார். 8.22: எச்சரிக்கை. 8.24: மீண்டும் திட்டினார், மறுவிநியோகம் பதிவு. 8.25: சாட் முடிக்கப்பட்டது. பொட்டலம் 12ஆம் மாடியில், சரியான வீடு 10ஆம் மாடி" என்றால், அவருக்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கிறது.