45 விழுக்காட்டின் கணக்கு: தில்லி வார்டுகளின் செவிலியர் பற்றாக்குறை குறித்து ஒரு மறுவாசிப்பு

தில்லி அரசு மருத்துவமனைகளின் செவிலியர் பற்றாக்குறையைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் காலியிடங்களை எண்ணுகிறார்கள். அனுமதித்த பணியிடம் இத்தனை, நிரம்பியவை இத்தனை, மிச்சம் பற்றாக்குறை என்பது அவர்கள் கணக்கு. அதிலிருந்து வார்டின் இன்சார்ஜ் சிஸ்டருக்கு ஓர் அறிவுரையும் பிறக்கிறது: ஆள் வரும்வரை இருப்பவர்களை ஊக்கப்படுத்தி ஓட்ட வேண்டும். காலியிடமே இல்லாத வார்டிலும் ஆள் குறையும் என்பதும், அந்தக் குறை எங்கே விழுகிறது என்பதைத் தீர்மானிப்பதுதான் இன்சார்ஜின் முதல் வேலை என்பதும் என் வாதம். சான்று ஒரு பழைய ஆவணத்தின் ஒரே வாக்கியத்தில் இருக்கிறது.

மத்திய நிதி அமைச்சகத்தின் பணியாளர் ஆய்வுப் பிரிவு 1991–92இல் வகுத்த நெறியைச் செவிலியர் பாடநூல்கள் இன்றும் அச்சிடுகின்றன. பொது வார்டில் ஆறு படுக்கைக்கு ஒரு செவிலியர். இந்த எண்ணிக்கையோடு 45 விழுக்காடு பணியிடங்களைச் சேர்க்க வேண்டும். ஆண்டின் 365 நாளும் வார்டு இயங்குவதற்கும், அதற்குள் அடங்கிய 10 விழுக்காடு விடுப்புக்கும் அந்தச் சேர்க்கை. மூன்று ஷிஃப்டில் வேலை செய்பவருக்கு மாதம் எட்டு நாள் ஆஃபும், ஆண்டுக்கு மூன்று தேசிய விடுமுறையும் உண்டு என்று அந்த வாக்கியமே சொல்கிறது.

ஆறுக்கு ஒன்று என்பது ஒரு ஷிஃப்டுக்கா, மூன்று ஷிஃப்டுக்கும் சேர்த்தா என்பதில்தான் சண்டை. 30 படுக்கை வார்டில் முதல் வாசிப்பு 22 பேரைத் தரும். இரண்டாவது ஏழு பேரைத் தரும். இந்தியச் செவிலியர் குழுமத்தின் நெறி இந்தக் குழப்பத்துக்கு இடம் வைக்கவில்லை. போதனா மருத்துவமனையின் பொது வார்டில் மூன்றுக்கு ஒன்று, அதாவது ஷிஃப்டுக்கு ஒன்பதுக்கு ஒன்று என்று அது விளக்கிவிடுகிறது. நிதி அமைச்சக நெறியை நான் ஷிஃப்ட் கணக்காகவே வாசிக்கிறேன். 365 நாளும் நிரப்பவேண்டிய ஓர் இடம் என்று அடிப்படையைக் கொண்டால்தான் 45 விழுக்காட்டுக்குப் பொருள் வருகிறது. ஏழு பேரைக் கொண்டு மூன்று ஷிஃப்டை ஓட்டினால் ஷிஃப்டுக்கு இரண்டு பேர்கூடத் தேறமாட்டார்கள். எந்த வாசிப்பை ஏற்றாலும் நான் சொல்லவரும் பிழை மாறாது. 45 விழுக்காடு இரண்டிலும் ஒரே பெருக்கல்தான்.

இனி கணக்கு. எட்டு ஆஃப் வீதம் ஆண்டுக்கு 96, தேசிய விடுமுறை 3, ஆக 99 போனால் ஒருவர் வேலைக்கு வரக்கூடிய நாள் 266. ஓர் இடத்துக்கு 1.45 பேர் என்றால் 386 வேலை நாள் கிடைக்கும். தேவை 365. எஞ்சும் 21 நாளைப் பகிர்ந்தால் ஒருவருக்கு ஏறத்தாழ 14 நாள் விடுப்பு. ஈட்டிய விடுப்பு மட்டுமே ஆண்டுக்கு 30 நாள்! தற்செயல் விடுப்பையும் நோய் விடுப்பையும் இதில் சேர்க்கவேயில்லை. நெறி வந்த காலத்தில் மத்திய அரசு ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு 90 நாள். 1997இல் 135, 2008இல் 180 ஆயிற்று. அதே 2008இல் பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் வந்தது. விடுப்பு நியாயமாகவே வளர்ந்தது. பாடநூலின் 45 அப்படியே நிற்கிறது.

மோதி பாக்கில் புது தில்லி நகராட்சி மன்றத்தின் சரக் பாலிகா மருத்துவமனை இருக்கிறது. அதைப் போன்ற நடுத்தர அளவு மருத்துவமனையில் 30 படுக்கை மெடிக்கல் வார்டு ஒன்றைக் காகிதத்தில் எடுத்துக்கொள்வோம். எந்த வார்டின் உண்மை நிலையையும் இது குறிக்கவில்லை. 22 பேரும் இருக்கிறார்கள், காலியிடம் இல்லை. ஷிஃப்டுக்கு ஐந்து பேர் வீதம் ஆண்டுக்கு 5,475 இடம் நிரப்ப வேண்டும். ஆஃபும் ஈட்டிய விடுப்பும் போக 22 பேர் தருவது 5,192. துண்டு விழுவது 283. நான்கில் ஒரு ஷிஃப்ட் ஒருவர் குறைவாக ஓடும் என்று அர்த்தம். ஒருவர் மகப்பேறு விடுப்பில் போனால் மூன்றில் ஒன்றுக்கும் மேல்.

இது ஆண்டு முழுதும் சீராகப் பரவியிருந்தால் சமாளித்துவிடலாம். தில்லியில் அப்படிப் பரவுவதில்லை. தெற்கிலிருந்து வந்த செவிலியருக்கு ஊர்ப் பயணம் என்பது ரயிலில் போக வர மட்டும் மூன்று நான்கு நாள். ஆகவே விடுப்பைத் துண்டு துண்டாக எடுக்காமல் மொத்தமாக எடுக்கிறார்கள். பள்ளி விடுமுறையான மே, ஜூனில் ஒரு நெரிசல். ஓணத்தை ஒட்டி இன்னொன்று. அது முடியும் முன்பே மழைக்குப் பிந்தைய டெங்கு வார்டை நிரப்பத் தொடங்கிவிடும்.

இந்த இடத்தில் இன்சார்ஜ் முன் இரண்டு வழி. ஆஃபைக் கேன்சல் செய்து ஐந்தாவது ஆளைக் கொண்டுவரலாம், அல்லது நான்கு பேரோடு ஓட்டலாம். காலியிடக் கணக்காளர்கள் முதல் வழியைத் தற்காலிகத் தீர்வு என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கேன்சலான ஆஃப் கடனாக நிற்கும். அடுத்த மாதம் அதே குறையை அதுவே பெரிதாக்கும். ஆஃபைத் தொடாமல் ஒருவரையே இரட்டை ஷிஃப்டில் நிறுத்துவதும் தீர்வல்ல; பன்னிரண்டரை மணி நேரத்துக்கு மேல் நீளும் ஷிஃப்டில் பிழை நேரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2004இல் அமெரிக்கச் செவிலியரிடம் நடந்த ஆய்வு காட்டியது. மனம் விட்டுப்போவதற்கும் நோயாளிச் சுமையைவிட, வியாழக்கிழமை ஆஃப் உண்டா இல்லையா என்பது புதன் இரவுவரை தெரியாமலிருப்பதே பெரிய காரணம் என்று கருதுகிறேன். இது என் ஊகம்தான். ஆனால் பாராட்டுச் சான்றிதழ்களைப் பரிந்துரைக்கும் கட்டுரைகள் இந்தக் கேள்வியைக் கேட்டதாகவே தெரியவில்லை.

நோயாளிச் சுமை பொருட்டே அல்ல என்று சொல்லவரவில்லை. பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் நடந்து 2002இல் வெளியான ஆய்வு, செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும்போது இறப்பு வாய்ப்பு 7 விழுக்காடு கூடுவதைக் கண்டது. அது எண்ணியது ஷிஃப்டில் கையிலிருந்த நோயாளிகளை, பணியிடங்களை அல்ல. ஆகவே நான்கு பேரோடு ஓடும் ஷிஃப்டில் ஐந்து பேரின் வேலை முழுவதும் நடக்கும் என்று பாசாங்கு செய்யக்கூடாது. எது தள்ளிப்போகலாம் என்பதை இன்சார்ஜ் காலை ரவுண்டிலேயே மருத்துவரிடம் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். நிலையான நோயாளிக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்கும் டிபிஆரை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாக மாற்றலாம். டிஸ்சார்ஜ் காகிதம் மதியத்துக்குப் போகலாம். இன்சுலின், பொட்டாசியம் குளோரைடு, ஹெப்பரின் ஆகியவற்றை இருவர் சரிபார்ப்பதும், ரத்தம் ஏற்றும்போது முதல் 15 நிமிடம் அருகில் நிற்பதும், படுக்கையருகே ஹேண்டோவர் சொல்வதும் எந்த நாளிலும் தள்ளக்கூடாதவை.

இப்படிச் சொல்லாவிட்டாலும் வேலை தள்ளிப்போகத்தான் செய்யும். யாருக்கும் தெரியாமல் போகும். அதை சார்ட்டில் காணலாம். முப்பது நோயாளிக்கும் சுவாசம் 20 என்றே எழுதியிருந்தால் யாரும் எண்ணவில்லை. மாலை, இரவுப் பதிவுகள் ஒரே பேனாவில் ஒரே சாய்வில் இருந்தால் ஷிஃப்ட் முடிவில் உட்கார்ந்து நிரப்பியவை. ஆள் குறைந்த மாதத்தில் பிழை அறிக்கைகளும் குறைந்தால் மகிழ்வதற்கில்லை. எழுத நேரமில்லை, அல்லது எழுதினால் மெமோ வரும் என்ற பயம்.

சிஸ்டரும் படுக்கைப் பணிக் கணக்கில் ஒருவர்தானே, அவரே ஐந்தாவது ஆளாக நிற்கட்டும் என்பார்கள். நிதி அமைச்சக நெறி அப்படித்தான் நர்சிங் சிஸ்டர், ஸ்டாஃப் நர்ஸ் ஆகிய இரு பதவிகளையும் சேர்த்து எண்ணுகிறது. ஆனால் நர்சிங் சிஸ்டர் அப்போது செய்துவந்த பணியை உதவி நர்சிங் கண்காணிப்பாளர் ஏற்பார் என்றும் அதே ஆவணம் சொல்கிறது. அவர் வந்து ஏற்காத வார்டில் இன்சார்ஜை மருந்து டிராலிக்கு அனுப்பினால் டியூட்டி லிஸ்டையும் இன்டென்டையும் யார் போடுவது? இந்த வாதத்தில் நேரம் செலவிடத் தேவையில்லை.

இன்சார்ஜ் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் இரண்டு எண்களை ரிப்போர்ட் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும்: நிற்கவேண்டிய ஆள், நின்ற ஆள். மேலே சொன்ன வார்டில் காலியிடப் பட்டியல் பூஜ்யத்தைத்தான் காட்டும். அடுத்த பணியாளர் ஆய்வு வரும்போது 283 குறை ஷிஃப்டுகளையும் அவற்றின் தேதிகளையும் காட்டக்கூடியது அந்தப் புத்தகம் ஒன்றே.